தடித்த எழுத்தில் ஒரு சார்

அலுவலகத்தில் அவனுக்கு ரேடியோ என்று பெயர். அவனுக்குப் பார்வை இல்லை. திரையில் வருவதையெல்லாம் கணினிதான் வாசித்துக் காட்டும். இயர்போனை மாட்டிக்கொண்டு நாள் முழுக்க ஒரு பெண்குரலைக் கேட்டுக்கொண்டிருப்பான். அந்தக் குரலுக்கு அவன் வைத்த பெயர் அம்மணி. அம்மணிக்குக் கோபமும் தெரியாது, கொஞ்சலும் தெரியாது. சம்பள உயர்வையும் சாவுச் செய்தியையும் ஒரே தொனியில் வாசித்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவாள்.

பார்சல் நிறுவனத்தில், வழியில் தொலைந்துபோன பார்சல்களைத் தேடிப் பிடிப்பது அவன் வேலை. வாடிக்கையாளர் போனில் புலம்புவதைப் பொறுமையாகக் கேட்பான். பிறகு கீழ்த்தளத்துக் கிடங்குக்கு ஆங்கிலத்தில் மெயில் எழுதுவான். எதையும் வாயால் சொல்லக் கூடாது, எழுத்தில்தான் இருக்க வேண்டும் என்பது மேலாளரின் சட்டம்.

கிடங்கைப் பார்த்துக்கொண்டவர் குடோன் அண்ணன். சட்டம் ஒரு பக்கம் கிடக்க, சாயங்காலமானால் அவர் மேலே ஏறி வந்துவிடுவார். "என்ன தம்பி, உன் அம்மணி இன்னைக்கு என்ன சொல்றா?" என்று கேட்டுக்கொண்டே மேசை ஓரத்தில் உட்கார்ந்து டீ குடிப்பார். அந்த அலுவலகத்தில் வேலையைத் தவிர வேறு எதையாவது அவனிடம் பேசிய ஒரே ஆள் அவர்தான். மற்றவர்களும் கெட்டவர்கள் இல்லை. கதவைத் திறந்து பிடிப்பார்கள், வழியில் கிடக்கும் நாற்காலியை நகர்த்துவார்கள். அத்தோடு சரி.

அவனுக்குப் புது லேப்டாப் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாக அண்ணன் வருவது நின்றுபோனது.

முதலில் வேலை அதிகம் போலிருக்கிறது என்று நினைத்தான். அப்புறம் உடம்புக்கு ஏதாவதோ என்று கவலைப்பட்டான். ஆனால் மெயிலுக்குப் பதில் மட்டும் தவறாமல் வந்தது. 'பார்த்துக்கொண்டேன், சார்' என்று வாசித்தாள் அம்மணி. அண்ணன் அவனைச் சார் என்று அழைத்ததே கிடையாது. கிண்டல் பண்ணுகிறார் என்று அவனுக்குச் சிரிப்புக்கூட வந்தது. 'நன்றி அண்ணா, எப்போது மேலே வருவீர்கள்?' என்று எழுதினான். 'நேரம் இல்லை, சார்' என்று பதில் வந்தது.

சாயங்காலங்களில் இயர்போனைக் கழற்றி வைத்துவிட்டுக் காலடிச் சத்தத்துக்குக் காது கொடுத்திருப்பான். எத்தனையோ காலடிகள் வந்தன. ஒன்றுகூட அவன் மேசையருகே நிற்கவில்லை. இறங்கிப் போய் நேரில் கேட்டிருக்கலாம்தான். ஆனால், 'ஏன் என்னைப் பார்க்க வரவில்லை' என்று ஒருவரைக் கேட்பதற்கு ஓர் உரிமை வேண்டுமே! அந்த உரிமை தனக்கு உண்டா என்று அவனுக்குச் சந்தேகம். தனியாகவே டீயைக் குடித்துவிட்டு வீட்டுக்குப் போனான்.

ஒரு நாள் மதியம் மேலாளர் அவனை அறைக்குக் கூப்பிட்டார்.

"குடோன்காரர் வேற கிளைக்கு மாத்தல் கேட்டிருந்தார். கொடுத்தாச்சு. இன்னைக்குத்தான் இங்க அவருக்குக் கடைசி நாள். உங்க மேல புகார்னு எதுவும் கொடுக்கலை. ஆனா காரணம் நீங்கதான்னு சொன்னார். ஏங்க அவர்கிட்ட அப்படிக் கத்துறீங்க?"

"நானா? நான் கத்தவே இல்லையே சார்!"

"வாயால இல்லைங்க, மெயில்ல. பாதி மெயில் முழுக்க கேப்பிட்டல் எழுத்து. 'பார்சல் எங்கே, நேற்றே கேட்டேனே, அந்த அம்மா அழுகிறார்'னு அத்தனையும் பெரிய எழுத்துல வந்தா, படிக்கிறவருக்குச் சட்டையைப் பிடிச்சு உலுக்குற மாதிரி இருக்காதா?"

அவனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அந்த மெயிலை அவன் எவ்வளவு தணிவாக மனதுக்குள் சொல்லிக்கொண்டே எழுதினான்!

விஷயம் மெல்லப் பிடிபட்டது. நம் எழுத்தில் பெரிய அ, சின்ன அ என்று கிடையாது. ஆங்கிலத்துக்குத்தான் அந்தப் பகட்டு. பழைய கணினியில் விசைப்பலகையின் வலது ஓரத்தில் எண்கள் இருக்கும் பகுதியில் ஒரு விசையை அழுத்தி அம்மணியை ஏவுவான். லேப்டாப்பில் அந்தப் பகுதியே இல்லை. அதனால் கேப்ஸ் லாக் விசையை அவளுக்கென்று ஒதுக்கியிருந்தான். ஒரு தரம் அழுத்தினால் அம்மணிக்கு உத்தரவு. அவசரத்தில் இரண்டு தரம் தட்டிவிட்டால் விசை தன் பழைய புத்தியைக் காட்டும். அதன் பிறகு விழுவதெல்லாம் பெரிய எழுத்து. அம்மணி அதைச் சொல்லத்தான் செய்வாள். ஆனால் அடுத்த விசையைத் தட்டியதும் பேச்சை விழுங்கிவிடுவாள், இவனோ தட்டச்சில் புயல். எழுதியதைத் திரும்ப வாசிக்கச் சொன்னாலும் பயனில்லை. பெரிய எழுத்தோ சின்ன எழுத்தோ, வார்த்தை ஒன்றென்றால் அவளுக்கு உச்சரிப்பும் ஒன்றுதான்.

"இத்தனை நாளா யாரும் ஒரு வார்த்தை சொல்லலையே சார்?"

மேலாளர் கனைத்துக்கொண்டார். "இல்லை... உங்க நிலைமையில இருக்கிறவங்களுக்குக் கோபம் வர்றது சகஜம்தானேன்னு நாங்கதான் பெருசா எடுத்துக்கலை."

அதுதான் அவனைக் குத்தியது. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பான். எல்லோருமாகச் சேர்ந்து அவனைப் பாவப்பட்ட முன்கோபியாக்கி, பெருந்தன்மையாக மன்னித்தும் விட்டிருக்கிறார்கள். அவனுக்கு ஆத்திரமாக வந்தது. அதைக் காட்டினால் அவர்கள் நினைத்தது சரியென்று ஆகிவிடும் என்பதால் பேசாமல் எழுந்து வந்தான்.

மேசைக்கு வந்து அம்மணியின் அமைப்புகளைத் திறந்தான். எழுத்தின் தடிப்பையும் அடிக்கோட்டையும் சொல்லும் வசதி ஒன்று உண்டு. காதுக்குத் தொல்லை என்று அதை எப்போதோ நிறுத்திவைத்திருந்தான். இப்போது அதை முடுக்கிவிட்டு அண்ணனின் பதில்களை ஆரம்பத்திலிருந்து கேட்டான். முதல் பதிலில் 'தேடிக்கொண்டிருக்கிறேன் தம்பி' என்று மட்டும் இருந்தது. சில மெயில்களுக்குப் பிறகு, 'பார்த்துக்கொண்டேன்' என்றாள். 'தடிப்பு' என்றாள். 'சார்' என்றாள். இன்னும் கொஞ்சம் தள்ளி, 'தடிப்பு, அடிக்கோடு, சார்.' கிண்டல் என்று அவன் சிரித்த சார் ஒவ்வொன்றும் அழுத்தித் தேய்த்து எழுதப்பட்டிருந்தது.

அவன் கைத்தடியை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினான்.

கிடங்கில் அட்டைப் பெட்டி வாசனையும் தள்ளுவண்டிச் சத்தமும். "அண்ணே!" என்று குரல் கொடுத்தான். வண்டி நின்றது.

"சொல்லுங்க சார்."

அம்மணி சொல்லாமலே அந்தச் சாரின் தடிப்பு இப்போது அவனுக்குக் கேட்டது. நின்ற இடத்திலேயே கேப்ஸ் லாக் கதையைச் சொல்லி முடித்தான். காலடிச் சத்தம் ஒன்று அவன் அருகே வந்து நின்றது.

"அப்போ, நான் தடியாப் போட்ட சார் உனக்குத் தெரியவே இல்லையா?"

"சார்னு கேட்டுச்சு. விளையாடுறீங்கன்னு நெனச்சேன்."

"அடப்பாவி! நான் அதை எழுதிட்டு ராத்திரியெல்லாம் தூங்கலை, தெரியுமா?" அண்ணன் சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு பாதியிலேயே நின்றது. "ஒரு தடவை படியேறி வந்து, ஏண்டா கத்துறன்னு கேட்டிருக்கலாம். ரோஷம் விடலை."

"நானும் இறங்கி வந்திருக்கலாம் அண்ணே. மாத்தலை நிறுத்த முடியாதா?"

"என் இடத்துக்கு ஆளே வந்துட்டான் தம்பி."

கைகள் அவன் தோளைத் தேடி வந்து பிடித்துக்கொண்டன. "இனிமே உனக்கு எழுதினா, மனசுல இருக்கிறது எப்படித் தெரியும்?"

"வார்த்தையில சொல்லிடுங்க அண்ணே. கோபம்னா கோபம்னே எழுதிடுங்க."

அடுத்த வாரம் புதுக் கிளையிலிருந்து மெயில் வந்தது. தொலைந்த இரண்டு பார்சல்களின் விவரம். கடைசியில் தனியாக ஒரு வரி. 'இங்கே என்னோடு பேச யாருமில்லை தம்பி. இதை நான் மெதுவாகச் சொல்கிறேன்.'

அவன் இயர்போனை வேறு யாராவது மாட்டிக் கேட்டால் ஒரு வார்த்தைகூடப் புரியாது. அம்மணியை அவ்வளவு வேகமாக ஓடவிட்டுத்தான் அவன் எப்போதும் கேட்பான். இந்த வரியையும் அவள் அப்படியே கடகடவென்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள். அவன் வேகத்தைக் குறைத்தான், இன்னும் குறைத்தான். வார்த்தைக்கு வார்த்தை இடைவெளி விழுகிற அளவுக்குக் குறைத்துவிட்டு, அந்த வரியை மறுபடி வாசிக்கச் சொன்னான்.