பத்து மணி என்றால் இரண்டரை

என் மனைவி சரண்யாதேவியின் பெயரில், அவளுக்குத் தெரியாமல், இங்கிலாந்தில் உள்ள ஓர் ஆஸ்பத்திரிக்கு நான் ஒரு கோபமான மின்னஞ்சல் அனுப்பினேன். அவர்களுக்குப் பிறர் நேரத்தின் மதிப்பு தெரியவில்லை என்று எழுதியிருந்தேன். நல்ல ஆங்கிலம். இரண்டு இடத்தில் அகராதி பார்த்தேன். நேரத்தில் தவறியது நான்தான் என்பது இரண்டு மணி நேரம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது.

அன்று சூரசம்ஹாரம், திங்கட்கிழமை. மாவட்டம் முழுக்க உள்ளூர் விடுமுறை. சரண்யா தூத்துக்குடியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் நர்ஸ். அங்கே விடுமுறை கிடையாது. இரவு ட்யூட்டி முடித்து காலையில் வந்தவள், குளித்து, நல்ல சேலை கட்டி, தூங்காமல் காத்திருந்தாள். வீடியோவில் இன்டர்வியூ. இங்கிலாந்து நேரம் காலை பத்து மணி என்று கடிதத்தில் இருந்தது.

பத்து மணி என்றால் நமக்கு எத்தனை மணி என்று சொல்லும் பொறுப்பை நானே எடுத்துக்கொண்டேன். நான் துறைமுகத்தில் ஒரு கப்பல் ஏஜென்சியில் வேலை செய்கிறேன். கப்பல்காரர்கள் யுடிசி என்ற உலகப் பொது நேரத்தில் எழுதுவார்கள், நான் ஐந்தரை மணி நேரம் கூட்டி நம் நேரமாக்கி, கப்பலைத் துறைமுகத்துக்குள் கொண்டுவரும் பைலட்டுக்கும் லாரிக்காரருக்கும் சொல்லுவேன். பதினோரு வருடமாக இதுதான் பிழைப்பு. இங்கிலாந்துக்காரர்கள் கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவைப்பார்கள், அப்போது வித்தியாசம் நாலரை மணி நேரம்தான் என்பதும் எனக்குத் தெரியும். எங்கள் தெருவில் அது தெரிந்த ஒரே ஆள் நான் என்ற எண்ணமும் உண்டு.

ஆகஸ்டில் இந்த வேலைக்கு விண்ணப்பித்தபோது அந்த அறிவு பயன்பட்டது. சரண்யாவோடு நர்ஸிங் படித்த ஜெபசுதா இப்போது அங்கே வேறொரு ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். விளம்பரம் அவர்கள் நேரம் காலை பத்துக்குத் திறக்கும், குறிப்பிட்ட எண்ணிக்கையில் விண்ணப்பம் சேர்ந்ததும் கடைசித் தேதிக்கு முன்பே மூடிவிடுவார்கள் என்று அவள்தான் எச்சரித்தாள். பத்து என்றால் நமக்கு இரண்டரை என்று நான் கணக்குப் போட்டேன். இரண்டரைக்கு உட்கார்ந்தோம், மூன்றேகாலுக்கு அனுப்பினோம். மறுநாளே விளம்பரம் மூடப்பட்டது. அன்று முதல் வீட்டில் நான் நேர நிபுணன்.

அதனால்தான், இன்டர்வியூ அழைப்பை போன் காலண்டர் மூன்றரை மணி என்று காட்டியபோது, "போனு தப்பாக் காட்டுது. பத்துன்னா ரெண்டரை" என்றேன்.

"காலண்டர் தானாத்தான போட்டுக்கிடும்? அதுக்குத் தெரியாதா?" என்றாள் சரண்யா.

"அது எங்கனயோ உக்காந்து எவனோ செஞ்சது. நான் இங்கன உக்காந்து சொல்லுதேன்."

இரண்டேகாலுக்கு லேப்டாப் முன்னால் உட்கார்ந்தாள். நடத்துபவர் உங்களை உள்ளே அனுமதிப்பார், காத்திருக்கவும் என்று திரை சொன்னது. இரண்டரை, இரண்டே முக்கால், மூன்று. யாரும் வரவில்லை. அவளுக்குக் கண் செருகியது.

"இன்னும் கொஞ்சம் பாப்போமா?"

"எத்தன நேரம் பாக்க? போய்ப் படு. நான் பாத்துக்கிடுதேன்."

அவள் படுத்ததும் அவள் போனை சைலன்ட்டில் போட்டேன். பிறகு அந்த மின்னஞ்சலை எழுதி அனுப்பி, லேப்டாப்பை மூடி, முன்னறைக்கு வந்தேன். அங்கே என் மாமனார் மாடக்கண்ணு திருச்செந்தூர் நேரலை பார்த்துக்கொண்டிருந்தார். ஆற்றுப் பாசனத்தில் நெல் போடுகிறவர். கடற்கரைக் கூட்டத்துக்குப் பயந்து, சம்ஹாரத்தை மகள் வீட்டு டிவியில் பார்த்துவிட்டு மறுநாள் போய் சாமி கும்பிடலாம் என்று வந்திருந்தார்.

"அவனுவ வரலயா மாப்ள?"

"வரல மாமா. நல்லா நாலு வார்த்த எழுதி விட்டுருக்கேன்."

சூரன் மாமரமாகி, சேவலாகி எல்லாம் முடிந்தபின், ஐந்தே காலுக்கு, அவள் போனை எடுத்துப் பார்த்தேன். இரண்டு மின்னஞ்சல்கள். முதலாவது மூன்று இருபதுக்கு வந்தது. அனுப்பியவர் ஹெலன், ஆளெடுப்பைக் கவனிக்கும் அம்மா. இன்டர்வியூ பத்து மணிக்குத்தான், இன்னும் பத்து நிமிடம் இருக்கிறது, நேற்று எங்கள் கடிகாரங்கள் ஒரு மணி நேரம் பின்னால் போய்விட்டன, இன்டர்வியூ குழு உங்களுக்காகக் காத்திருக்கும் என்று பணிவாக எழுதியிருந்தார். இரண்டாவது: குழு பதினைந்து நிமிடம் காத்திருந்தது, நீங்கள் வரவில்லை, 'வரவில்லை' என்று பதிவு செய்துள்ளோம்.

அக்டோபர் கடைசி ஞாயிறு. கடிகாரத்தை முன்னால் தள்ளுகிறவர்கள் என்றைக்காவது பின்னாலும் இழுப்பார்கள் என்பதை மட்டும் நிபுணர் மறந்திருந்தார்.

எழுப்பிச் சொன்னேன். சரண்யா மின்னஞ்சல்களைப் படித்தாள். பிறகு நான் அனுப்பியதையும் படித்தாள். அதைப் படித்தபோதுதான் முகம் மாறியது.

"இத நான் எழுதுனதாத்தான நெனப்பாங்க?"

"உன் பேருல இருந்து போனதுனால..."

"பிப்ரவரியோட என் இங்கிலீஷ் பரீச்ச மார்க்கு செல்லாமப் போயிரும். தெரியும்லா?"

தெரியும். அந்த மதிப்பெண்ணுக்கு இரண்டு வருடம்தான் ஆயுள். இரவு ட்யூட்டிக்கு நடுவே, மெஷின்கள் ஓடிக்கொண்டிருக்கும்போது, படித்து வாங்கியது. இந்த வேலை போனால் பிப்ரவரிக்குள் இன்னொன்று அமைவது கஷ்டம். மறுபடி பரீட்சை, மறுபடி முதலிலிருந்து.

"இப்பவே மன்னிப்புக் கேட்டு எழுதுதேன்" என்று லேப்டாப்பை இழுத்தாள்.

அங்கேதான் நான் இரண்டாவது முறை வாயைத் திறந்தேன். அங்கே இப்போது மதியச் சாப்பாட்டு நேரம், அதுவும் திங்கட்கிழமை, சனி ஞாயிறு சேர்ந்த மெயிலெல்லாம் குவிந்து கிடக்கும், நம்முடையது அடியில் போய்விடும், செவ்வாய்க்கிழமை காலை அவர்கள் வந்து உட்கார்ந்ததும் மேலே தெரிகிற மாதிரி அனுப்புவதுதான் உசிதம் என்று இணையத்தில் எல்லா நிபுணர்களும் சொல்கிறார்கள் என்றேன். நிபுணர்கள் நிபுணர்களை விட்டுக்கொடுப்பதில்லை.

"அவங்க ஒம்பதரைக்கு உக்காந்தாங்கன்னா, நமக்கு..." என்று நிறுத்தினேன். இருவரும் என்னைப் பார்த்தார்கள். விரல் விட்டு எண்ணி, "மூணு மணி" என்றேன்.

மாமனார் எழுந்துபோய் சுவரில் தொங்கிய தினசரிக் காலண்டரில் நாளைய தாளைத் தூக்கிப் பார்த்தார். "செவ்வாக்கிழம மூணுல இருந்து நாலர ராவு காலம்."

"அவங்களுக்கு அப்பக் காலைல மாமா."

"அனுப்புத ஆளு இங்கனல்லா இருக்கா? ராவு அனுப்புதவளுக்கா, வாங்குதவனுக்கா?"

இணையத்தின் நிபுணர்கள் இதைப் பற்றி எதுவும் சொல்லியிருக்கவில்லை. கடைசியில் மாமாவும் மருமகனும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தோம். இரண்டு ஐம்பது. ராகு வருவதற்குப் பத்து நிமிடம் முன்னால், அங்கே ஒன்பது இருபது. நாளைக்குத் திருக்கல்யாணம் வேறு, மங்களமான நாள் என்று மாமனார் திருப்தியானார். நான் மன்னிப்புக் கடிதம் ஒன்று எழுதி, அந்த நேரத்துக்குத் தானாகப் போகும்படி வைத்தேன். அதில் அகராதி பார்த்த இடங்கள் நான்கு.

சரண்யா ஜெபசுதாவுக்கு வாட்ஸ்அப்பில் எல்லாவற்றையும் சொல்லி அனுப்பினாள். அவள் வார்டில் இருந்தாள் போலிருக்கிறது. ஒன்பது மணிக்குத்தான் போன் வந்தது. சரண்யா ஸ்பீக்கரில் போட்டாள். நான் கேட்கட்டும் என்றுதான்.

"ஏளா, இன்னுமா அனுப்பல? அண்ணன் பக்கத்துல இருக்காங்களா? அண்ணே, உங்களுக்குக் கோட்டி கீட்டி பிடிச்சிருக்கா?"

"செவ்வாக்கிழமக் காலைலதான் நல்லாப் பாப்பாங்கன்னு..."

"விண்ணப்பம்னா நாளு நேரம் பாக்கலாம்ணே. கடையத் தொறந்த உடனே போகணும், நெறஞ்சா மூடிருவாங்க. மன்னிப்புக்கு என்ன நல்ல நேரம்? தப்புன்னு தெரிஞ்ச நிமிசம்தான். யாராச்சும் வராமப் போனா அந்த எடத்த அன்னைக்கே அடுத்த ஆளுக்குக் கொடுத்துருவாங்க. இங்க இப்ப மூணர. அஞ்சு மணிக்குக் கம்ப்யூட்டர மூடிட்டுப் போயிருவாங்க. வைங்க போன!"

சரண்யா அங்கேயே உட்கார்ந்து எழுதினாள். ஐந்து வரி. கடிகாரம் மாறியதை நாங்கள் கவனிக்கவில்லை, தவறு எங்களுடையது. எங்கள் நேரம் மூன்று மணிக்கு மேல் வந்த மின்னஞ்சல் எனக்குத் தெரியாமல் என் கணவர் எழுதியது, அதற்காகவும் வருந்துகிறேன். இந்த வாரம் எந்த நாள், எந்த நேரம் சொன்னாலும் வருவேன். இந்தியா இப்போது உங்களைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. கீழே போன் நம்பர்.

"நான் எழுதுனதுன்னு போட்டே ஆகணுமா?" என்றேன்.

"பின்ன யாரு எழுதுனதுன்னு போட?"

அனுப்பிவிட்டு என் பக்கம் திரும்பினாள். "நாளைக்கு ரெண்டு அம்பதுக்கு ஒண்ணு தானாப் போகும்னீங்களே. அத அழிங்க."

அழித்தேன். அழிந்ததா என்று அவளே ஒரு தடவை பார்த்துக்கொண்டாள்.

பதில் உடனே வந்தது. கிடைத்தது, மூன்று வேலை நாட்களுக்குள் பதில் தருவோம் என்று இயந்திரம் அனுப்பிய பதில். அதை நாங்கள் மூன்று பேரும் தனித்தனியாகப் படித்தோம். மாமனாருக்கு ஆங்கிலம் தெரியாது, ஆனாலும் படித்தார்.

மறுநாள் சரண்யாவுக்கு வார விடுப்பு. மாமனார் காலையிலேயே திருச்செந்தூர் போய், மகளுக்காக அர்ச்சனை செய்து, இலை விபூதியோடு மதியம் திரும்பிவிட்டார். நான் ஆபீசுக்கு அரை நாள் லீவு சொல்லியிருந்தேன். வீட்டில் எனக்கு ஒரு வேலையும் இல்லை, இருந்தாலும் தந்திருக்க மாட்டார்கள்.

மூன்றரை மணிக்கு மேல் மழை பிடித்தது. காயப்போட்ட துணியை எடுக்க சரண்யா மாடிக்கு ஓடினாள். போன் மேஜையில் இருந்தது. அது அடித்தது. நம்பர் நாற்பத்து நாலில் தொடங்கியது. இங்கிலாந்து.

நான் கை நீட்டினேன். மாமனார் என் கையைப் பிடித்தார். "மாப்ள, ராவு காலம். நாலர ஆகட்டும், நாம திருப்பிப் போடுவோம்."

"மாமா, அடிச்சது அவங்க. நாம ஒண்ணும் தொடங்கல."

அவர் யோசித்தார். அந்த நியாயம் அவருக்குப் பிடிபடுவதற்குள் நான் எடுத்துவிட்டேன்.

ஒரு பெண் குரல் ஆங்கிலத்தில் சரண்யாதேவியைக் கேட்டது. ஹெலன்தான். மாடியில் இருக்கிறாள், இதோ கூப்பிடுகிறேன் என்றேன்.

"நீங்கள் யார்?"

"அவள் கணவன். சிவசுப்பிரமணியன்."

"ஓ. அந்த மின்னஞ்சல் எழுதியவரா?"

"ஆமாம்" என்றேன். வேறு யாராக இருக்க முடியும்? மாமனார் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மாடிப்படியில் சரண்யா ஈரத்துணியை அள்ளிக்கொண்டு இறங்கும் சத்தம் கேட்டது. அவள் வந்து சேர்வதற்குள் எனக்கு முடிவு தெரிந்தாக வேண்டும், கெட்ட செய்தியானால் அவள் காதில் விழுவதற்கு முன் என் காதில் விழட்டும் என்று தோன்றியது. வணக்கம், வருத்தம், வானிலை எதுவும் சொல்லாமல் கேட்டுவிட்டேன்: "அம்மா, ஒன்று மட்டும் சொல்லுங்கள். என் தப்பால் பட்டியலில் அவள் பெயர் போய்விட்டதா, இன்னும் இருக்கிறதா?"

"இருக்கிறது" என்றார் ஹெலன். "இன்டர்வியூவுக்கு ஒரே ஓர் இடம் மிச்சமிருந்தது. நேற்று நான் கிளம்புவதற்கு முன்பே அவள் கடிதம் வந்துவிட்டதால் அதை அவளுக்கே வைத்தேன். நாளை எங்கள் நேரம் காலை ஒன்பது மணி, உங்கள் நேரம் பிற்பகல் இரண்டரை. நான் இரண்டு முறை பார்த்துவிட்டேன், நீங்கள் பார்க்க வேண்டாம். இப்போது போனை அவளிடம் கொடுங்கள்."