முந்திரிப் பெண்ணின் முகம்

என் மனைவி ராஜலட்சுமி ஒரு வேலையில் இறங்கிவிட்டால் வீட்டில் சோறு வேகுமா என்று நான்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். தங்கை செவந்தியின் கல்யாண அழைப்பு வீடியோவைத் தானே செய்வதாகச் சொல்லிவிட்டாள். புதுக்கோட்டை ஸ்டூடியோவில் கொடுத்து எடுக்கலாம் என்ற மாப்பிள்ளை வீட்டாரிடம் செவந்தி, "எங்க அக்கா செய்யும்" என்று அடித்துச் சொல்லியிருந்தாள். சொதப்பினால் தலைகுனிவு செவந்திக்குத்தான்.

கந்தர்வக்கோட்டை முந்திரிப்பருப்பில் பொண்ணு பொம்மையும் மாப்பிள்ளை பொம்மையும் தயார். கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி நகர்த்திப் போனில் படம் பிடிக்க வேண்டும்; வரிசையாக ஓட்டினால் அவை நடப்பதுபோல இருக்கும். நொடிக்குப் பன்னிரண்டு படம் என்று போன் ஆப்பில் முதலிலேயே வைத்துவிட்டாள். இருபத்து நாலு வைத்தால் வேலை இரட்டிப்பு, கல்யாணம் முடிந்து பிள்ளை பிறந்துவிடும் என்றேன். முறைத்தாள். முந்தைய படம் திரையில் மங்கலாகத் தெரியும். அதற்குப் பெயர் ஆனியன் ஸ்கின். அதைப் பார்த்துத்தான் பருப்பை எவ்வளவு நகர்த்துவது என்று முடிவு செய்வாள். பட்டன் அழுத்துவது என் வேலை.

முதல் நாள் ஜன்னல் ஓரத்தில் எடுத்தோம். ஓட்டிப் பார்த்தால் மேகம் போகிறபோதெல்லாம் படம் மினுக் மினுக் என்றது. போனும் தன் இஷ்டத்துக்கு வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்திருந்தது. ஜன்னலைப் போர்வையால் மூடினாள். ஒரே விளக்கு வைத்து, வெளிச்சம், நிறம், ஃபோகஸ் மூன்றையும் ஆப்பில் பூட்டினாள். நடை அழகாக வந்தது. பெண்ணின் முகம் மட்டும் இன்னும் மினுங்கியது.

ஒவ்வொரு படமாகத் தள்ளிப் பார்த்துக் குற்றவாளியைப் பிடித்தாள். நான்தான். திரையை எட்டிப் பார்க்கும்போதெல்லாம் என் வெள்ளைச் சட்டையில் பட்ட வெளிச்சம் பெண்ணின் மேல் அடித்திருக்கிறது. இருவரும் கறுப்புப் போட வேண்டும் என்றாள்.

கல்யாண வேலைக்கு வந்திருந்த என் மாமியார் சொர்ணம் ஒத்துக்கொள்ளவில்லை. நல்ல காரியத்தில் கறுப்பா என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். ராஜலட்சுமி வாதாடவில்லை. போனை அவர் கையில் கொடுத்து ஓட்டிக் காட்டினாள். அத்தை இரண்டு தடவை பார்த்தார்.

"பொண்ணு மொகம் அணைஞ்சு அணைஞ்சு எரியுது. இத நாலு பேருக்கு அனுப்பக் கூடாது. போயி கறுப்பையே போடுங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது, அவர் மேல் பாசமும் வந்தது. கறுப்பு டி-ஷர்ட்டில் பாதி வீடியோ முடிந்தது. முகம் ஓரிடத்திலும் மினுங்கவில்லை. செவந்திக்கு அனுப்பினோம்; அதைப் பார்த்து மாப்பிள்ளை வீட்டில் ஸ்டூடியோ பேச்சை விட்டுவிட்டார்களாம்.

மறுநாள் மீதியை எடுக்கும்போது பக்கத்து வீட்டு மணிமேகலை வந்தார். கதவிடுக்கில் எங்களைப் பார்த்து, என்ன இருட்டு, என்ன கறுப்பு, ஏதும் துக்கமா என்று பதறினார்.

"உள்ள கல்யாண வேலை நடக்குது," என்று அத்தை வாசலை மறித்துக்கொண்டார். "அந்த மஞ்சச் சேலையோட அங்கிட்டுப் போகாதீங்க. எம் பொண்ணு மொகம் மாறிப் போயிரும்."