நடந்ததை எழுதாத விண்ணப்பம்

என் மனைவி வதனியின் புலமைப்பரிசில் விண்ணப்பம் போன வருடம் தள்ளுபடியானதற்குக் காரணம் நான்தான். இதை ஒத்துக்கொள்ள எனக்குப் பதினொரு மாதமும் றஸீனாவின் வாயும் தேவைப்பட்டன.

நான் பெரியகல்லாற்றுப் பக்கத்துக் கிராம உத்தியோகத்தர். சண்டை, சுனாமி, வெள்ளம் என்று எங்கள் சனத்துக்கு ஒன்று மாறி ஒன்று வந்துகொண்டே இருந்ததில், கஷ்டத்தை எழுதுவது எனக்குக் கைவந்த கலையாகிவிட்டது. யார் செத்தார், வீட்டில் எத்தனை பேர், கூரை போனதா, தோணி போனதா. இந்த ஒழுங்கில் எழுதினால் எந்த மேசையிலும் கடிதம் நகரும். அதே கையால்தான் வதனிக்கும் எழுதிக் கொடுத்தேன். வெளிநாட்டில் கரையோர நீர் முகாமைத்துவ முதுமாணிப் படிப்பு. ஏன் வர விரும்புகிறாய் என்று ஆங்கிலத்தில் ஆயிரம் சொல்லுக்குள் எழுதச் சொல்வார்கள். அதற்கு எஸ்.ஓ.பி என்று பெயர். வருந்துகிறோம் என்று இரண்டு வரியில் பதில் வந்தது.

இந்த வருடம் கடைசி. அவளுக்கு முப்பத்துநான்கு. முப்பத்தைந்து ஆனால் விண்ணப்பிக்கவே முடியாது. விண்ணப்ப முடிவுத் திகதிக்கு நான்கு நாள் இருக்கையில், சனிக்கிழமை காலை, நீர்ப்பாசனத் திணைக்களத்தில் வதனியோடு வேலை செய்யும் றஸீனா காத்தான்குடியிலிருந்து ஒரு சட்டி வட்டிலாப்பமும் சிவப்புப் பேனையுமாக வந்து இறங்கினாள். இதே புலமைப்பரிசிலில் போய்ப் படித்து வந்தவள். நான் இன்னும் மெருகேற்றி வைத்திருந்த பிரதியை வாங்கிக்கொண்டு முற்றத்து மாமரத்தடியில் உட்கார்ந்தாள்.

"இத ஆரு எழுதின?"

"நான்தான்" என்றேன். நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்துதான் இருந்தது.

"வாசிக்கக்குள்ள எனக்கு அழுக வந்திட்டு அண்ணன்."

"அதுதானே வேணும்."

"அழுதுபோட்டு அடுத்த விண்ணப்பத்த எடுத்திருவானுகள். இது நிவாரணம் குடுக்கிற இடமில்ல. அவனுகள் கேக்கிறது நாலு கேள்வி. என்ன பிரச்சினையப் படிக்கப் போறாய், அதுக்கு ஏன் இந்தப் படிப்பு, ஏன் நீ, முடிச்சு வந்து என்ன செய்வாய். இதில ஒண்டுக்கும் பதில் சொல்லாத பந்தி எல்லாம் போகும்."

போயின. பிறப்பு, பள்ளிக்கூடம், அகதி முகாம், சாதாரண தரப் பெறுபேறு, எல்லாம் சிவப்புக் கோட்டின் கீழ் போயின. ஒன்பதாம் பந்தி வந்ததும் நான் கதிரையை இழுத்துக் கிட்டப் போட்டேன். அது நான். 'என் கணவர் எனக்கு ஊன்றுகோலாக இருக்கிறார்' என்று தொடங்கும் ஆறு வரி.

"அதயும் வெட்டப் போறியா?"

"நீங்க எதுக்கு அண்ணன் ஆதாரம்?"

வதனி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்குச் சுர்ரென்று ஏறியது. எழுந்து போய்க் கோழிகளுக்கு அரிசி எறிந்தேன். அவை ஏற்கெனவே தின்றிருந்தன.

திரும்பி வரும்போது றஸீனா 'உலகப் புகழ் பெற்ற தங்கள் பல்கலைக்கழகம்' என்ற என் அருமையான வசனத்தைப் பிடித்திருந்தாள். "இதில வேற பல்கலைக்கழகத்தின்ட பேரப் போட்டாலும் வசனம் நிக்குதா? நிக்கும். அப்ப இது ஒருத்தருக்கும் எழுதினதில்ல" என்றாள். அதுவும் போயிற்று. இரண்டாம் பக்கத்தின் அடியில், நான் இடம் நிரப்பச் சேர்த்த ஒரு வரியில் மட்டும் பேனை நின்றது. 'ஓய்வு நேரத்தில் வாவியின் நீர்மட்டத்தையும் அளந்து வருகிறேன்.'

"எத்தின வருசமாகா அளக்கிறாய்?"

"நாலு" என்றாள் வதனி. "மூணு இடத்தில. உப்பும் பாக்கிறன்."

"என்னத்துக்கு?"

அதற்குப் பிறகு வதனியை நிறுத்த முடியவில்லை. மாரி மழையில் வாவி நிரம்பினால் கொக்கட்டிச்சோலைப் பக்கத்து நெல் வட்டைகள் தண்ணீரில் தாழும். பயிர் அழுகுது, முகத்துவாரத்தை அடைத்திருக்கிற மணலை வெட்டித் தண்ணியைக் கடலுக்கு விடுங்கள் என்று விவசாயிகள் வருவார்கள். இப்ப வெட்டினால் தண்ணியோடு இறாலும் போயிரும் என்று மீனவர்கள் வருவார்கள். கூட்டத்தில் யாருடைய சத்தம் கூடவோ அந்தப் பக்கம் முடிவு சாயும். எந்த மட்டத்தில், எந்த நாளில் வெட்டினால் இரண்டு பக்கமும் தப்பும் என்று கணக்காகச் சொல்ல ஒருவரும் இல்லை. "என்னட்ட அளவு இரிக்கு. ரெண்டு நாள் பிந்தி வெட்டியிருந்தா என்ன நடந்திருக்கும் எண்டு கணிக்கத்தான் எனக்குத் தெரியாது. அந்த மாதிரி மூடித் திறக்கிற வாவிகளக் கணினியில வச்சுக் கணிக்கிற ஒரு குழு அங்க இரிக்கு. அதுக்குத்தான் போகணும்."

றஸீனா பேனையை மூடினாள். "இதுதான்கா உன்ட எஸ்.ஓ.பி. மூணு பக்கத்தில இத ஏன் எழுதல்ல?"

வதனி என்னைப் பார்த்தாள். நான் வட்டிலாப்பத்தைப் பார்த்தேன்.

மிஞ்சியிருந்தது முதற்பந்தி. வதனியின் அப்பா. அவளுக்குப் பதின்மூன்று வயதில், சுனாமியன்று காலை கரையில் வலை காயப்போடப் போனவர் வரவில்லை. அந்தப் பந்தியை நான் மிகவும் கவனமாக எழுதியிருந்தேன். றஸீனா அதைத் தொடவில்லை.

"இத வெட்டச் சொல்லி நான் சொல்ல மாட்டன். நீயே பாரு."

"அதில கை வைக்கக் கூடாது" என்று கத்தினேன். "அது அவள்ட வாழ்க்கை!"

வதனி பேனையை வாங்கினாள். "பள்ளிக்கூட உதவிக்கு எழுதினன், அப்பா செத்தார் எண்டு. வீட்டுத் திட்டத்துக்கு எழுதினன். கம்பஸ் விடுதிக்கு எழுதினன். ஒவ்வொரு தரமும் அவரக் கொண்டுபோய் மேசையில கிடத்தித்தான் நான் ஒண்டு வாங்கினன். எனக்குப் போதும்." முழுப் பந்தியிலும் ஒரு கோடு இழுத்தாள். பிறகு யோசித்து, அதிலிருந்து ஒரே ஒரு செய்தியை எடுத்து வேறிடத்தில் எழுதினாள். தான் மீனவர் வீட்டுப் பிள்ளை, அதனால்தான் மீனவர்கள் தங்கள் தோணிகளில் ஏற்றி அளக்க விடுகிறார்கள் என்று. "இது ஏன் நான் எண்ட கேள்விக்குப் பதில்" என்றாள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. எத்தனை பிள்ளைகளை நான் அப்படி எழுத வைத்திருக்கிறேன் என்று நினைத்தேன்.

மூன்று நாளில் புதிதாக எழுதி முடித்தாள். தொள்ளாயிரத்துச் சொச்சம் சொல். முதல் வசனத்திலேயே முகத்துவாரம். அடுத்து நான்கு வருட அளவு. தனக்குத் தெரியாதது எது, அதை எந்தப் பாடத்தில், எந்தக் குழுவிடம் படிக்கப் போகிறாள் என்பது. கடைசியில், திரும்பி வந்து அதே கூட்டத்தில் எந்த மட்டத்தில் வெட்டலாம் என்று ஒரு வழிகாட்டியை வைப்பது. ஆங்கிலத்தில் எழுத்துப் பிழை பார்க்க மட்டும் என்னைக் கூப்பிட்டார்கள். மூன்று கண்டுபிடித்தேன், அதில் இரண்டு பிழையே இல்லை.

நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள். கொழும்பில் நாற்பது நிமிடம். வெளியே வந்து தொலைபேசியில் கத்தினாள்: "உப்பு அளவப் பற்றி அந்த மனிசன் என்னோட சண்டை பிடிச்சவர்! நான் விடல்ல!" இவ்வளவு சந்தோசமாக அவள் சண்டை பிடித்து நான் கேட்டதில்லை, என்னோடு உட்பட.

ஆறு கிழமை கழித்து, ஒரு வியாழன் மத்தியானம், மின்னஞ்சல் வந்தது. தெரிவாகியிருந்தாள். றஸீனாவுக்குச் சொன்னோம், அவள் அலறியது வாவிக்கு அந்தப் பக்கமும் கேட்டிருக்கும். பிறகு வதனி தன் அம்மாவுக்கு அழைப்பு எடுத்தாள். நான் பக்கத்தில் நின்றேன்.

"அப்பாவப் பற்றி வடிவா எழுதினியா புள்ள?" என்று மாமி கேட்டார்.

"இல்லம்மா. நான் செய்யிற வேலைய எழுதினன்."

மாமியின் குரல், நம்ப முடியாமல், மெல்ல வந்தது.

"நமக்கு நடந்தத எழுதாமலே தந்தவனுகளா?"

"ஓம்மா" என்றாள் வதனி. "எழுதாமலே தந்தவனுகள்."