முகத்தின் மேல் கறுப்புக் கட்டம்

"அக்கா, கறுப்புக் கட்டம் மட்டும் வேண்டாம்கா," என்றான் நிருபர். "ஏதோ கேஸ்ல மாட்டினவ மாதிரி இருக்கும். பாக்குறவங்களுக்கு இரக்கமே வராது. முகத்தை லேசா மங்கலாக்கிடுங்க, போதும்."

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று எங்கள் தொலைக்காட்சி நிலையத்தில் எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும் எடிட்டிங் அறைக்குள் வந்து வாயைக் கொடுக்கிறான்.

"உனக்கு இரக்கம் வேணும், அவளுக்கு உயிர் வேணும். எது பெருசுன்னு நீயே சொல்லு," என்றேன்.

அவள் எங்களுக்குப் பின்னால் நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். மருந்துக் கிடங்கில் பெட்டி கட்டுகிறவள். காலாவதியான மாத்திரை அட்டைகளில் தேதியை அழித்துப் புதுத் தேதி அச்சடிக்கிறார்கள் என்று கேமரா முன்னால் சொல்லியிருந்தாள். முன்பு ஒருமுறை இதைப் பற்றி வாய் திறந்த லோடுமேனை முதலாளியின் ஆட்கள் கை முறிய அடித்திருக்கிறார்கள். செய்தி அன்று மாலையே ஒளிபரப்பாக வேண்டும். அதற்கு முன் தன் கண்ணால் பார்க்க வேண்டும் என்று கேட்டு வந்திருந்தாள்.

நிருபர் சொன்னபடியே முதலில் மங்கலாக்கிக் காட்டினேன். அவள் எட்டிப் பார்த்தாள்.

"எங்க அம்மா பாத்தா கண்டுபிடிச்சிடுவாங்களே," என்றாள் மெதுவாக.

"அம்மா என்னம்மா, மெஷினே கண்டுபிடிச்சிடும். இதுல உன் முகம் எங்கயும் போகல. பக்கத்துல பக்கத்துல பரவி நிக்குது, அவ்வளவுதான். லேசான மங்கலைக் கணக்குப் போட்டு ஓரளவுக்குத் திரும்பக் கூட்டிடலாம்."

"சரி, அப்ப சதுரம் சதுரமா உடைச்சிடுங்க," என்றான் நிருபர். "பெரிய சதுரமா. அதை யாராலயும் பழையபடி ஒட்ட முடியாதில்ல?"

"ஒட்டவே வேண்டாம்டா. நீ பேசாம உக்காரு."

அவளிடம் திரும்பினேன். "உங்க ஷிஃப்ட்ல எத்தனை பேரும்மா? எல்லாரும் சேந்து எடுத்த போட்டோ இருக்கா?"

பத்துப் பன்னிரண்டு பெண்கள். போனில் இருந்தது. கிடங்கு வாசலில் சீருடையோடு வரிசையாக நின்று நேராகப் பார்க்கும் படம். ஒவ்வொரு முகத்தையும் தனித்தனியாக வெட்டினேன். பேட்டியில் இருந்த அளவுக்கே கொண்டுவந்து, வெளிச்சத்தைச் சமன் செய்து, அதே சதுரங்களாக உடைத்தேன். பிறகு பேட்டியில் உடைத்த முகத்தின் மேல் ஒவ்வொன்றாக வைத்து, ஒன்றிலிருந்து ஒன்றைக் கழிக்கச் சொன்னேன். வித்தியாசம் இருக்கும் இடம் வெளுக்கும், ஒத்துப்போகும் இடம் இருண்டுவிடும்.

முதல் முகம் வெளுத்தது. அடுத்ததும் வெளுத்தது. நிருபர் கொட்டாவி விட்டான். வரிசையின் நடுவில் ஒரு முகத்தை வைத்ததும் திரை கிட்டத்தட்ட முழுவதும் இருண்டுபோனது. விட்ட கொட்டாவியை அவன் பாதியிலேயே மூடிக்கொண்டான்.

"நான்தான் அது," என்றாள் அவள்.

"ஊர்ல எல்லாரையும் தேட வேண்டியிருந்தா இது இவ்வளவு சுலபம் இல்ல. உங்க முதலாளிக்குத் தேட வேண்டியது பன்னிரண்டு பேருக்குள்ள. எல்லாரோட அடையாள அட்டைப் போட்டோவும் அவர் மேசையில இருக்கு. அதுவும் இது வீடியோ. நீ தலையை அசைக்க அசைக்க ஒவ்வொரு சதுரத்துலயும் முகத்தோட வேற வேற இடம் வந்து விழும். அதையெல்லாம் சேத்தா இன்னும் தெளிவாகும்."

இதற்கு முன் எத்தனை பேரின் முகத்தை இப்படிச் சதுரமாக உடைத்து அனுப்பியிருக்கிறோம் என்று யோசிக்கவே பயமாக இருந்தது.

"கட்டமே போடுங்க," என்றாள் அவள். "தப்பு பண்ணவ மாதிரி இருந்தா இருந்துட்டுப் போகட்டும்."

போட்டேன். முகத்தை ஒட்டிப் போடவில்லை, காது, கழுத்து, கொண்டை எல்லாம் மறையும் அளவுக்குப் பெரிதாகப் போட்டேன். பிறகு ஒவ்வொரு பிரேமாக நகர்த்திப் பார்த்தேன். அவள் அழுது குனிந்த இடத்தில் கட்டம் பின்தங்கி, தாடை வெளியே தெரிந்தது. ஒரே ஒரு பிரேம்தான். யாராவது நிறுத்திப் பார்த்தால் அந்த ஒன்றே போதும். சரிசெய்துவிட்டு முதலில் இருந்து மறுபடி பார்த்தேன். குரலின் சுருதியை மட்டும் மாற்றினால் யாரும் அதைப் பழையபடி திருப்பிவிடலாம் என்பதால், அவள் சொன்னதை அலுவலகப் பெண் ஒருத்தியைப் படிக்கச் சொல்லிப் பதிவு செய்தோம்.

"இப்ப யாராலயும் எடுக்க முடியாதா?" என்று கேட்டாள்.

"இப்ப எடுக்கலாம். கட்டம் இன்னும் தனியா மேல உக்காந்திருக்கு. தூக்கினா கீழ நீதான் இருப்பே. ரெண்டையும் ஒரே படமா ஆக்கிட்டா கட்டத்துக்கு அடியில ஒண்ணுமே இருக்காது. வெறும் கறுப்புதான். அப்புறம் மூலப் பதிவையும் அழிக்கணும். செய்தி ஆசிரியர்கிட்ட அனுமதி வாங்கியாச்சு. நம்ம ஆபீசுக்குள்ளயே யார் யாருக்கு எவ்வளவு விலைன்னு யாருக்குத் தெரியும்?"

ஒரே படமாக்கினேன். அவள் கண் முன்னாலேயே மூலப் பதிவையும் பிரதிகளையும் கேமரா அட்டையில் இருந்ததையும் மீட்க முடியாதபடி அழித்தேன். அப்போதுதான் அவள் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். எனக்கும் மூச்சு வந்தது.

மாலையில் செய்தி வந்தது. மறுநாள் காலையிலேயே கிடங்கைப் பூட்டி முத்திரை வைக்க அதிகாரிகள் போனார்கள். நிருபர் குதித்துக்கொண்டிருந்தான்.

மதியம் அவள் மறுபடி வந்தாள். முகம் வெளிறியிருந்தது.

"நான்னு யாருக்கும் தெரியலக்கா."

"தெரியக்கூடாதுன்னுதானேம்மா இவ்வளவு பாடுபட்டோம்!"

"அதனால வேற ஒருத்தியைப் பிடிச்சிட்டாங்க. என்கூட வேலை செய்யுறவ. சூப்பர்வைசரையே எதுத்துப் பேசுவா, நாங்க சண்டைக்காரின்னு கூப்பிடுவோம். அவதான் பேசியிருப்பான்னு காலையில வீட்டுக்கே ஆள் போயிருக்கு. கதவை உடைச்சிருக்காங்க. அவ வீட்டுக்காரருக்கு மண்டையில தையல். சாயங்காலத்துக்குள்ள ஊரை விட்டுப் போகலைன்னா அவளுக்கும் அதே கதின்னு சொல்லியிருக்காங்க. இப்ப போலீஸ் ஸ்டேஷன் வாசல்ல பிள்ளையோட உக்காந்திருக்கா." அவள் என் கையைப் பிடித்தாள். "அக்கா, அந்தக் கட்டத்தை எடுத்துருங்க. என் முகத்தைக் காட்டுங்க."

நிருபர் என்னைப் பார்த்தான்.

"எடுக்க முடியாதும்மா," என்றேன். "அடியில நீ இல்லை."

"நீங்கதானே போட்டீங்க?"

"யார் போட்டாலும் அதேதான்."

அவள் அழவில்லை. எனக்கு என் மேலேயே ஆத்திரம் பொங்கியது. இவளை மறைப்பதில் இவ்வளவு கவனமாக இருந்த நான், மறைந்தவளுக்குப் பதிலாக யாரைப் பிடிப்பார்கள் என்று ஒரு நொடி யோசித்தேனா?

"அப்ப புதுசா எடுங்க," என்றாள்.

"வேண்டாம்மா. அவளுக்குப் பாதுகாப்பு கேட்டு ஆசிரியரை இப்பவே பேசச் சொல்றேன். கொஞ்சம் பொறுத்துப் பாப்போம்," என்றேன். "உன் முகம் ஒரு தடவை வெளிய போயிட்டா, அதுக்கப்புறம் நான் எந்தக் கட்டம் போட்டும் பிரயோஜனம் இல்லை. அதையும் திரும்ப எடுக்க முடியாது."

"தெரியும்கா. நேத்து நீங்கதானே சொல்லிக்குடுத்தீங்க." அவள் விளக்குக்குக் கீழே இருந்த நாற்காலியை இழுத்துப் போட்டு, இந்த முறை நடுவில் உட்கார்ந்தாள். "நான் பேசுறதுக்கு அவ அடி வாங்கக் கூடாது. சீக்கிரம் எடுங்க, அவ சின்னப் பிள்ளையை வச்சுக்கிட்டு இருக்கா."

நிருபர் மைக்கை எடுத்தான். நான் கேமராவை எடுத்து அவள் முகத்துக்கு நேராக வைத்தேன்.

"எங்க பாக்கணும்?" என்று கேட்டாள்.

"இங்கேயே, நேரா," என்றேன்.

நேராகப் பார்த்து, முதலில் தன் பெயரைச் சொன்னாள்.