பா வாக்கியத்துக்கு ஒரு விடைக்குறிப்பு

எங்கள் மொழிப் பயிற்சி நிலையத்தில் சீன மொழித் துறைத் தலைவருக்கு மாணவர்கள் வைத்த பெயர் ஃபார்முலா. அது அவருக்கும் தெரியும். தெரிந்தும் அவருக்குப் பெருமைதான். முப்பது வருடத்துக்கு முன் எட்டு மாதம் சீனம் படித்தார். அந்த எட்டு மாதத்தை வைத்துக்கொண்டு இன்றுவரை குப்பை கொட்டுகிறார். நான் அங்கே வருட ஒப்பந்தத்தில் இரண்டாம் ஆண்டுக்குப் பாடம் எடுப்பவள்.

அவருடைய புகழ் முழுக்க ஒரே ஒரு எழுத்தில் இருக்கிறது. சீனத்தில் பா (把) என்றொரு சொல் உண்டு. வழக்கமாக வினைக்குப் பின்னால் நிற்கும் செயப்படுபொருளை அது இழுத்து வினைக்கு முன்னால் வைக்கும். தமிழில் ‘கதவை மூடினேன்’ என்று பொருள் முன்னாலேயே நிற்பதால், பாவைப் பார்த்ததும் நம் ஆட்களுக்கு வெளியூரில் சொந்தக்காரனைக் கண்ட சந்தோஷம். ஃபார்முலா சார் அந்தச் சந்தோஷத்தை ஒரு கையேடாக அச்சடித்துவிட்டார். பொருளுக்கு முன்னால் பா, அதற்கப்புறம் வினை, கடைசியில், முடிந்துவிட்டது என்று காட்டும் ல (了). அவ்வளவுதானாம். “பான்னா நம்ம ‘ஐ’ உருபுதான். தலையைப் போட்டு ஒடைச்சுக்காதீங்க” என்பார். அவர் ஒருநாளும் உடைத்துக்கொண்டதில்லை என்பது பார்த்தாலே தெரியும்.

பா அப்படிச் சல்லிசாகக் கிடைக்கிற சொல் இல்லை. அந்தப் பொருளுக்கு ஏதாவது ஆகியிருக்க வேண்டும். கதவு மூடிக்கொள்ள வேண்டும், கோப்பை உடைய வேண்டும், வீட்டுப்பாடம் எழுதி முடிய வேண்டும். வினையும் மொட்டையாக நிற்கக் கூடாது, என்ன ஆயிற்று என்று சேர்த்துச் சொல்ல வேண்டும். ‘வோ பா மன் குவான்ஷாங் ல’, கதவைச் சாத்திவிட்டேன். இது சரி. ஆனால் ஓர் ஊருக்கு நான் போய்வந்தால் அந்த ஊருக்கு என்ன ஆகிவிடும்? போன அனுபவம் எனக்கு இருக்கிறது, அதைச் சொல்லத்தான் குவோ (过) என்றொரு சொல் தனியாக இருக்கிறது. அங்கே பாவுக்கு வேலையே இல்லை. இதை நான் என் வகுப்பில் மூன்று வாரம் தொண்டை கிழியச் சொன்னேன். வகுப்பில் கிட்டத்தட்ட எல்லோரும் விவரமானவர்கள். எனக்குத் தலையாட்டிவிட்டு, தேர்வுக்குக் கையேட்டை வாங்கிப் படித்தார்கள்.

நான் சொன்னதை நம்பியது ஒரே ஒருத்தி. ஒரு இயந்திரத் தொழிற்சாலையின் பேக்கிங் பிரிவில் பதினாறு வருடமாகப் பெட்டிக்கு ஆணி அடிப்பவள். நாற்பத்து மூன்று வயது. வகுப்பில் எல்லோருக்கும் அவள் அக்கா, எனக்கும்தான். கையில் தழும்பும் பையில் சொல் அட்டைகளுமாக வேலை முடிந்து நேரே வருவாள். சீனத்திலிருந்து வரும் பொறியாளர்களுக்கு மொழிபெயர்க்க ஆள் வேண்டும், இரண்டாம் ஆண்டு தேறிய மதிப்பெண் பட்டியலைத் திங்கட்கிழமைக்குள் கொடுத்தால் அந்த வேலை அவளுக்கு என்று தொழிற்சாலையில் சொல்லியிருந்தார்கள். கொடுக்காவிட்டால் மறுபடியும் ஆணிதான்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அவள் விடைத்தாளின் நகலோடு ஆசிரியர் அறைக்கு வந்தாள்.

“டீச்சர், நாப்பத்தி நாலு. அம்பது எடுத்தாத்தான் பாஸு. நான் எங்க தப்பு பண்ணேன்னு மட்டும் சொல்லுங்க, வேற ஒண்ணும் வேணாம்.”

வாங்கிப் பார்த்தேன். பத்து வாக்கியங்களைப் பா வாக்கியமாக மாற்றும் கேள்வி, ஒவ்வொன்றுக்கும் இரண்டு மதிப்பெண். நான்கில் சிவப்புச் சுழி. ‘நான் அந்த நகரத்துக்குப் போயிருக்கிறேன்’ என்பதற்குப் பக்கத்தில் அக்கா குண்டு குண்டு எழுத்தில், ‘இது மாறாது. நகரத்துக்கு ஒன்றும் ஆகவில்லை’ என்று எழுதியிருந்தாள். ‘எனக்கு இந்தச் சட்டை பிடிக்கும்’ என்பதற்கும் அதேதான், பிடித்ததால் சட்டைக்கு ஒன்றும் ஆகவில்லை. ‘அவன் கதவைச் சாத்தவில்லை’ என்பதற்கு, இல்லை என்று சொல்லும் ‘மெய்’ (没) என்ற சீனச் சொல்லைப் பாவுக்கு முன்னால் வைத்து, ல சேர்க்காமல், 他没把门关上 என்று கச்சிதமாக எழுதியிருந்தாள். ‘வீட்டுப்பாடம் இன்னும் எழுதி முடிக்கவில்லை’ என்பதும் அப்படியே. எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. நான்குமே சரி, நான்குக்கும் பூஜ்யம்.

“நீங்க ஒரு தப்பும் பண்ணலக்கா. இங்கயே உக்காருங்க” என்று சொல்லிவிட்டுப் படியேறினேன்.

ஃபார்முலா சார் தன் அறையில் சுழல்நாற்காலியில் சுழன்றுகொண்டிருந்தார். விடைத்தாளை மேசையில் வைத்தேன். அவர் அலட்டிக்கொள்ளாமல் விடைக்குறிப்பை எடுத்து நீட்டினார். படித்துப் பார்த்தேன். 我把那个城市去过了. போன ஊருக்கும் பா போட்டு, அந்த நகரத்தை என்னமோ செய்துவிட்டு வந்திருக்கிறார் மனிதர். 他把门没关上了. கதவைச் சாத்தவில்லை, ஆனால் ல போட்டுச் சாத்தாமல் இருந்து முடித்துவிட்டான். இதை ஒரு சீனப் பொறியாளர் கேட்டால் பாவம், ஊருக்கே திரும்பிப் போய்விடுவார்.

“சார், இப்படி யாருமே பேச மாட்டாங்க.”

“பேசறது வேறம்மா, தேர்வு வேற. திருத்தறது விடைக்குறிப்பு படி. சீனாக்காரன் படி இல்ல.”

“அப்ப நூத்தி நாப்பது கோடி பேரும் தப்பா பேசறாங்களா?”

“அவங்க யாரும் நம்மகிட்ட தேர்வு எழுதலையே” என்றார். நிஜமாகவே சொன்னார். பிறகு விரலால் தாளின் அடிப்பகுதியைத் தட்டினார். “சும்மா என்னையே சொல்லாதீங்க. கீழ பாருங்க.”

கீழே ‘படித்துச் சரிபார்த்தவர்’ என்று இருந்தது. அதற்கு நேரே என் கையெழுத்து.

ஞாபகம் வந்துவிட்டது. மூன்று மாதத்துக்கு முன், தோளில் பையோடு நான் படியிறங்கிக்கொண்டிருந்தேன். பேருந்துக்கு நேரமாகிவிட்டது. இவர் எதிரே ஏறி வந்து ஒரு தாளை நீட்டினார். என்ன சார் இது என்று கேட்டேன். “வழக்கமானதுதான்மா” என்றார். தாளைச் சுவரில் வைத்துக் கையெழுத்துப் போட்டேன். எங்கள் நிலையத்தில் எல்லோரும் அப்படித்தான். ஒருவர் எழுதுவார், இன்னொருவர் படிக்காமல் கையெழுத்துப் போடுவார், மூன்றாமவர் அதற்கு முத்திரை குத்துவார். வருடக்கணக்காக இந்தக் கூத்தைப் பார்த்து நக்கலடித்துக்கொண்டே நானும் அதில் வேஷம் கட்டியிருக்கிறேன்.

“விடைக்குறிப்பு தப்புன்னு நீங்க எழுதிக் கொடுக்கலாம்” என்றார், குழந்தைக்குச் சொல்வதுபோல். “மறுபரிசீலனைக் குழு நாளைக்குத்தான் கூடுது. ஆனா படிக்காம கையெழுத்துப் போட்டேன்னும் சேத்து எழுதணும். அப்புறம் அடுத்த வருஷ ஒப்பந்தம் எப்படின்னு உங்களுக்கே தெரியும். மனு என் வழியாத்தான் போகணும், என் கையெழுத்து இல்லாம ஆபீஸ்ல வாங்க மாட்டாங்க. நல்லா யோசிங்க. அஞ்சு மணி வரைக்கும் நேரம் இருக்கு.”

கீழே இறங்கினேன். அக்கா அதே நாற்காலியில் சொல் அட்டைகளைப் புரட்டிக்கொண்டிருந்தாள். தேறாத தேர்வுக்கு இன்னும் படித்துக்கொண்டிருக்கிறாள். எதையாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். வாய் வரவில்லை.

“அக்கா, அந்தத் தப்பான விடைக்குறிப்புல நான் கையெழுத்துப் போட்டிருக்கேன். படிக்காமப் போட்டுட்டேன்.”

அவள் சொல் அட்டைகளை மடியில் கவிழ்த்து வைத்தாள்.

“எழுதி முடிச்சதும் ஒருவாட்டி படிச்சுப் பாருங்கன்னு நீங்கதான டீச்சர் சொல்லுவீங்க” என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். நிஜமாகவே புரியாமல் கேட்டாள்.

உட்கார்ந்து எழுதினேன். முதல் வரியில் என் குற்றம். அடுத்து நான்கு வாக்கியங்களும், ஏன் விடைக்குறிப்பு தவறு என்பதும், அக்காவின் விடைகள் ஏன் சரி என்பதும். சந்தேகம் வரக்கூடாது என்று நூலகத்திலிருந்த இலக்கணப் புத்தகத்தின் பக்கங்களை நகலெடுத்து இணைத்தேன். கடைசியில், ‘மேற்கண்டவற்றை ஏற்று, எட்டு மதிப்பெண் வழங்கப் பரிந்துரைக்கிறேன், துறைத் தலைவர்’ என்று தட்டச்சு செய்து, அதற்குக் கீழே இடம் விட்டேன். அவர் போட மாட்டார் என்று தெரியும். மூஞ்சிக்கு நேரே நீட்டி நாலு வார்த்தை கேட்டுவிட்டாவது போகலாம் என்றுதான் கிளம்பினேன்.

ஐந்தாகப் பத்து நிமிடம். ஃபார்முலா சார் படியிறங்கிக்கொண்டிருந்தார். காதில் தொலைபேசி, கையில் சாவிக்கொத்து. கையேட்டின் அடுத்த பதிப்புக்கு அட்டை நீலமா பச்சையா என்று அச்சகத்தோடு வழக்காடிக்கொண்டிருந்தார். அவர் பின்னால் அலுவலக உதவியாளர் வேறு நாலைந்து தாள்களை ஏந்திக்கொண்டு வர, பேச்சை நிறுத்தாமலே ஒவ்வொன்றாகக் கையெழுத்துப் போட்டுக்கொண்டு வந்தார். என் முன்னால் நின்றார். நான் சண்டைக்குச் சேர்த்துவைத்த நாலு வார்த்தையும் அப்படியே நெஞ்சில் நின்றது.

தாளை நீட்டினேன்.

தொலைபேசியைக் கையால் பொத்திக்கொண்டு, “என்னம்மா இது?” என்றார்.

“வழக்கமானதுதான் சார்” என்றேன்.

சுவரில் வைத்துப் போட்டார். அதே சுவர். போட்டுவிட்டு, “பச்சைன்னா பச்சைதான்யா” என்று அச்சகத்துக்குச் சொல்லிக்கொண்டே இறங்கிப் போனார்.

அலுவலகத்தில் இருந்த அண்ணன் தாளை வாங்கினார், கையெழுத்தைப் பார்த்தார், ஒரு வரிகூடப் படிக்காமல் முத்திரை குத்தினார். மணி நாலு ஐம்பத்தெட்டு. சனிக்கிழமை குழு கூடியது. துறைத் தலைவரே பரிந்துரைத்த பிறகு அவர்களுக்குப் படிக்க என்ன இருக்கிறது? அக்காவுக்கு ஐம்பத்திரண்டு. மதிப்பெண் பட்டியலை அன்றே வாங்கிப் போய்த் தொழிற்சாலையில் கொடுத்தாள், வேலையும் கிடைத்தது.

திங்கட்கிழமை காலை ஃபார்முலா சார் அறிவிப்புப் பலகையில் குழுவின் முடிவைப் பார்த்துவிட்டு, என் மனுவின் நகலோடு நேரே என் வகுப்பு வாசலுக்கு வந்தார். முகம் சிவந்திருந்தது.

“என் விடைக்குறிப்பு தப்புன்னு என் கையெழுத்தோட போயிருக்கு. நீங்க என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே.”

“கீழ பாருங்க சார்” என்றேன். “போட்டது நீங்கதானே?”

அவர் போன பிறகு அவரைப் பார்த்துச் சிரிக்க வேண்டும் என்றுதான் இருந்தேன். சிரிப்பு வந்தது, பாதியிலேயே நின்றும் போனது. அக்காவுக்கு வேலை கிடைத்தது அவளுக்குச் சீனம் தெரியும் என்பதாலா? இல்லை. அவள் சரியாக எழுதியதை அந்தக் கட்டடத்தில் என்னைத் தவிர யாரும் இன்றுவரை படிக்கவில்லை.

அடுத்த வருட ஆசிரியர் பட்டியல் மாதக் கடைசியில் வந்தது. என் பெயர் இல்லை. இரண்டு தடவை படித்துப் பார்த்தேன். துறைத் தலைவர் என்ற இடத்தில் அவர் பெயர் அப்படியே இருந்தது. பட்டியலின் அடியில் ‘படித்துச் சரிபார்த்தவர்’ என்று போட்டு, யாரோ அவசரமாகக் கிறுக்கியிருந்தார்கள்.