மனப்பாடமாய் வந்த மடைதிறந்த எழுத்து

செஞ்சியில் பிறந்தவன் நாவல் எழுதினால் கோட்டையில்தான் ஆரம்பிக்க வேண்டும் என்று எவனோ சட்டம் போட்டு வைத்திருக்கிறான். தனியார் பள்ளித் தமிழாசிரியர் ஆனந்தராஜும் அப்படித்தான் ஆரம்பித்தார். கோட்டைக்கு மேலே சூரியன் உதித்தது என்று எழுதினார். மறுநாள் உதித்ததை அடித்து எழுந்தது என்றார். அடுத்த வாரம் அது கிளம்பியது ஆயிற்று. நாலு வருடம் போய்விட்டது, அவருடைய நாவலில் இன்னும் பொழுது விடியவில்லை.

பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை மாடியில், ஞாயிறு மத்தியானங்களில் எழுத ஆசைப்பட்டவர்கள் ஐந்து பேர் கூடுவார்கள். கூட்டி வைத்தவள் ஜெயஸ்ரீ. கைபேசியில் தொடர்கதை எழுதுகிறவள். தினம் ஒரு அத்தியாயம் போடாவிட்டால் வாசகிகள் வீட்டுக்கே வந்துவிடுவார்கள் என்பதால் அவளுக்கு அடிக்கவும் திருத்தவும் நேரம் கிடையாது. பத்து நிமிட எழுத்தை அங்கே கொண்டுவந்ததும் அவள்தான்.

ஒரு தலைப்பைச் சொல்லி, கைபேசியில் பத்து நிமிடத்துக்கு மணி வைத்துவிடுவாள். மணி அடிக்கிற வரைக்கும் பேனா நிற்கக் கூடாது. எழுதியதை அடிக்கக் கூடாது, திரும்பிப் படிக்கவும் கூடாது. ஒன்றும் தோன்றாவிட்டால் தோணல தோணல என்றே எழுதிக்கொண்டு போக வேண்டும், சலித்துப்போய் மனசு எதையாவது கொடுக்கும். நல்லா எழுதுவது இங்கே வேலையே இல்லை, எழுதுகிறவனும் திருத்துகிறவனும் ஒரே நேரத்தில் பந்தியில் உட்கார்ந்தால் இலை காலியாகத்தான் இருக்கும், திருத்துகிறவன் அடுத்த பந்திக்கு வரட்டும் என்பாள். முடிந்ததும் விருப்பமிருந்தால் படித்துக் காட்டலாம், இல்லையென்றால் மடித்துப் பையில் வைத்துக்கொள்ளலாம்.

முதல் வாரம் ஆனந்தராஜ் மூன்று வரி எழுதினார். அதில் இரண்டை அடித்திருந்தார். மின்வாரிய அலுவலகத்தில் வேலை பார்க்கும் வெண்மதியோ இரண்டு பக்கம் தள்ளியிருந்தாள். பாதிக்கு மேல் தோணல. ஒற்றுப்பிழைகள் எறும்புச் சாரைபோல ஓடின. ஆனால் நடுவில், புயலில் கரண்டு போன ராத்திரி ஊரெல்லாம் போன் போட்டுத் திட்டியதில் ஒரு கிழவர் மட்டும் சாப்டியாம்மா என்று கேட்டதை எழுதியிருந்தாள். படித்துக் காட்டியதும், அந்த இடத்தை இன்னொரு தரம் படிக்கச் சொன்னார்கள். ஆனந்தராஜுக்கு வயிறு எரிந்தது. ஒரு தமிழ் வாத்தியார், மின்வாரியத்திடம் தோற்பதா?

நம் ஊரில் எதையும் ஜெயிக்க ஒரே வழிதான் உண்டு. அவர் மனப்பாடம் செய்தார்.

அடுத்த ஞாயிறின் தலைப்பை ஜெயஸ்ரீ முன்கூட்டியே வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுவது அவருக்கு வசதியாகப் போயிற்று. வாரம் முழுக்க எழுதி, அடித்து, செதுக்கி, சனிக்கிழமை குளியலறையில் உரக்கச் சொல்லிப் பார்ப்பார். மனைவி சுமலதா வெளியிலிருந்து, தண்ணி காலியாவுது, ஒப்பிச்சது போதும் என்று கதவைத் தட்டுவாள். ஞாயிற்றுக்கிழமை மணி தொடங்கியதும் பேனா பறக்கும். அடித்தல் இல்லை, திருத்தல் இல்லை, எதுகை மோனைகூட இடத்தில் இருக்கும். எழுதும்போது திருத்தாதே என்றதற்கு, எழுதுவதற்கு முன்பே திருத்திக்கொண்டு வந்துவிட்டார் மனிதர்.

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். வாத்தியார் புளுகு இரண்டு மாதம் ஓடியது. எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். சார் கிட்ட சரஸ்வதி உக்காந்திருக்குது என்று ஜெயஸ்ரீயே சொன்னாள். சரஸ்வதி குளியலறையில் பட்ட பாடு அவளுக்குத் தெரியாது. நாவல் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது, அதற்கு வாரத்தில் நாள் ஏது?

வெண்மதியின் பக்கங்கள் சுருங்கிக்கொண்டே வந்ததை அவர் கவனித்தார். முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது, அதை மறைப்பானேன். இரண்டு பக்கம் ஒன்றாயிற்று, ஒன்று அரையாயிற்று, பிறகு அவளும் அடிக்க ஆரம்பித்தாள். ஆடி மாதத்து ஞாயிறு ஒன்றில் பத்து நிமிடம் முடிந்தபோது அவள் தாளில் ஒரே ஒரு வரி இருந்தது, அதன் மேலும் ஒரு கோடு.

அவள் பேனாவை மூடினாள். "இனிமே நான் வரல ஜெயஸ்ரீ. சாருக்கு வர்ற மாதிரி வந்தாதான் எழுத்து. எனக்கு இல்லன்னு தெரிஞ்சுபோச்சு, வுடு."

ஜெயஸ்ரீ எவ்வளவோ சொன்னாள். வெண்மதி சண்டை போடவில்லை, அழவும் இல்லை. பனமலை பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று பையைத் தேடினாள். அப்போதுதான் ஆனந்தராஜுக்குச் சுருக்கென்று தைத்தது. அந்தக் கிழவரை எழுதியவள் இனி எழுத மாட்டாள். தன் மூன்று வரி அவமானத்தை மறைக்கப்போய் ஒருத்தியின் கையைக் கட்டிப்போட்டாயிற்று. உண்மையைச் சொல்லிவிட வாயைத் திறந்தார். வாத்தியார் வாய்க்குத் தப்பை ஒத்துக்கொண்டு பழக்கமில்லை, வேறு எதுவோ வந்தது.

"இன்னும் ஒரே ஒரு தரம் எழுதலாம். தலைப்பு நீங்களே குடுங்க வெண்மதி."

அவள் நின்றபடியே யோசித்தாள். "உங்க வூட்டு மிக்சி," என்றாள்.

மணி தொடங்கியது. எங்கள் வீட்டு மிக்சி என்று எழுதினார். மிக்சியைப் பற்றி அவரிடம் ஒரு எதுகையும் இல்லை. மிக்சி வெள்ளை நிறம் என்று எழுதியதும் அது பழுப்பு என்று ஞாபகம் வந்தது. அடிக்கக் கை துடித்தது, ஜெயஸ்ரீ பார்த்துக்கொண்டிருந்தாள். தோணல என்று எழுதினார். தோணல தோணல, சட்னி, தோணல, சத்தம், சுமலதா மிக்சி போட்டால் நான் ஒப்பிப்பது எனக்கே கேட்காது.

பேனா அதோடு நின்றிருந்தால் மானம் தப்பியிருக்கும். நிற்கக் கூடாதே. நான் ஒப்பிப்பது என்று எழுதியாயிற்று, எதை ஒப்பிப்பது என்று கை தானாகப் போயிற்று. குளியலறை வந்தது, சனிக்கிழமை வந்தது, முதல் வாரம் எரிந்த வயிறு வந்தது, பொழுது விடியாத நாவல் வந்தது. வெண்மதி எழுதியது மாதிரி ஒரு வரி என்னால் எழுத முடியாது என்று கை எழுதியபோது அவருக்கு வேர்த்துவிட்டது. நாலு வருடமாக அடித்துப் பழகிய கை, அடிக்க வேண்டிய ஒரே வரியை அடிக்க முடியாமல் தாண்டி ஓடியது.

மணி அடித்தது. விருப்பமில்லையென்றால் மடித்துப் பையில் வைத்துக்கொள்ளலாம். ஆனந்தராஜ் மடிக்கவும் செய்தார். வெண்மதி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படியை நோக்கி நடந்தாள். அவர் எழுந்து போய் தாளை அவள் கையில் கொடுத்துவிட்டார்.

அவள் நின்றுகொண்டே படித்தாள். மிக்சியைத் தாண்டியபோது சிரிப்பு வருகிற மாதிரி இருந்தது. அடுத்த பக்கத்தில் முகம் சிவந்துவிட்டது.

"ரெண்டு மாசம் சார். ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் பஸ்ஸுல ஜன்னல் பக்கம் திரும்பி உக்காந்து அழுதுனு போயிருக்கேன்."

வெண்மதி பையைக் கழற்றி மேசைமேல் போட்டாள். பஸ் கிடக்கட்டும், பத்து நிமிஷம் வை என்று ஜெயஸ்ரீயிடம் சொன்னாள். தலைப்பு இன்னா என்று ஜெயஸ்ரீ கேட்டதற்கு, சார்தான் என்றாள்.

அவள் கை ஒருமுறைகூட நிற்கவில்லை. ஒரு தோணலகூட இல்லை. தாள் போதாமல் ஆனந்தராஜே எடுத்துக் கொடுத்தார்.

மணி அடித்ததும் எழுந்து நின்று படித்தாள், முழுவதும். அவருடைய நடை, மூக்குக் கண்ணாடி, எழுதி முடித்ததும் அவர் சுற்றிப் பார்க்கும் பார்வை, ஒன்றையும் விடவில்லை. ஜெயஸ்ரீ வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். ஆனந்தராஜ் குனிந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் வெண்மதியின் குரல் கொஞ்சம் இறங்கியது.

"இந்த ஆளு அன்னைக்கே எங்கூட சேந்து தப்புத்தப்பா எழுதியிருந்தாருன்னா, நான் இன்னேரம் ஒரு கதை முடிச்சிருப்பேன்."

ஆனந்தராஜ் ஒரு தாளை அவள் பக்கம் தள்ளி, தனக்கும் ஒன்று எடுத்துக்கொண்டார். ஜெயஸ்ரீயிடம் இன்னொரு பத்து நிமிடம் வைக்கச் சொன்னார்.