பிளரை எடுத்த பிறகு

வீடியோ கால் தொடங்கி மூன்று மணி நேரம் ஆகிவிட்டது. லேப்டாப் விசிறி போடுகிற இரைச்சலைக் கேட்டால் தண்ணி மோட்டார் ஓடுகிறது என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

வீரபாண்டியில் உள்ள அந்த பனியன் கம்பெனியில் ஆர்டர்களைக் கவனிக்கிற மெர்ச்சண்டைசர் நதியா. ஆறு மாதக் குழந்தைகளுக்கான சட்டைகள், ஐயாயிரத்துக்கு ஆர்டர், பெட்டி பெட்டியாக லாரிக்குக் காத்திருந்தன. சரக்கு வாங்குகிற வெளிநாட்டு பையரின் ஆள் கிறிஸ்டின், வீடியோவிலேயே பார்த்து பாஸ் போட்டால்தான் சரக்கு நகரும். ஃபெயில் என்றால் அடுத்த ஆர்டரும் போச்சு, அறுபது டெய்லர்களும் வீட்டில் உட்கார வேண்டியதுதான். கேட்கிற சட்டையை எல்லாம் நதியா நெஞ்சோடு ஒட்டிப் பிடித்துக் காட்டினாள். சற்றுத் தள்ளிப் பிடித்தாலும், பின்னணியை மங்கலாக்குகிற பிளர் அதையும் சேர்த்து விழுங்கிவிடுகிறது.

பிளர் போடச் சொன்னது மேனேஜர் அழகுமலை. முதுகுக்குப் பின்னால் ரேக்கில் சிவப்பு டேப் ஒட்டிய பெட்டி ஒன்று இருந்தது. நேற்று தையல் மெஷினில் ஊசி உடைந்து, ஒரு துண்டு மட்டும் எவ்வளவு தேடியும் கிடைக்கவில்லை. மற்ற சட்டையெல்லாம் முன்பே ஊசி கண்டுபிடிக்கிற மெஷினுக்குள் போய் வந்தவை. இப்போது அந்த மெஷினும் ரிப்பேர். அதனால் அந்தத் தையல் லைனில் கிடந்த இருநூறு சட்டையையும் நதியாவே பெட்டியில் போட்டு, டேப் ஒட்டி, 'ஹோல்டு' என்று எழுதி வைத்தாள். இருநூறு குறைத்து அனுப்பலாம் என்பது பேச்சு.

"அதப் பாத்தா அந்தம்மா ஆயிரம் கேள்வி கேக்கும் கண்ணு. பின்னாடி தெரியாம மறச்சுரு" என்றிருந்தார் அழகுமலை. போகாத பெட்டியை மறைப்பதில் என்ன தப்பு என்று அவளும் விட்டுவிட்டாள்.

"நதியா, படம் மறுபடியும் நின்றுவிட்டது" என்றாள் கிறிஸ்டின், ஆங்கிலத்தில். "பாதியைத்தான் பார்க்கிறேன். இன்னொரு தடவை நின்றால் ஃபெயில் என்று எழுதிவிடுவேன்."

நதியா மைக்கை அணைத்துவிட்டுக் கத்தினாள். "பாய்! நெட்டு போகுது, வாங்க!"

சிஸ்டம் பார்க்கிற அனீஸ் ஓடி வந்தார். ஒரு பார்வை பார்த்ததுமே தலையில் அடித்துக்கொண்டார்.

"நெட்டு நல்லாத்தாங்க இருக்குது. துணிக்கட்டு மேலயா வெப்பீங்க இதை? காத்து இழுக்கற ஓட்டை அடியிலதான இருக்குது!" லேப்டாப்பைத் தூக்கி, துணிக்கட்டை இழுத்துப் போட்டு, இரண்டு மரத் துண்டுகளின் மேல் வைத்தார். ஓட்டையில் பஞ்சு திட்டுத்திட்டாக அடைந்திருந்தது. மேலாக விரலால் வழித்துவிட்டு டாஸ்க் மேனேஜரைத் திறந்தார். ப்ராசஸர் தொண்ணூற்றெட்டு சதவீத வேலையில் இருப்பதாகக் காட்டியது.

"பாருங்க. உங்க படத்தைச் சுருக்கி அனுப்போணும், அவங்க படத்தை விரிக்கோணும். அதுக்கு மேல இந்த பிளரு, ஒவ்வொரு படத்துலயும் உங்களைத் தனியா வெட்டி எடுக்குது. மூணு மணி நேரமா ஓயாம! சூடு ஏற ஏற விசிறி கத்தும். அதுக்கும் அடங்கலைன்னா கருகிப் போகாம இருக்க அதுவே வேகத்தைக் குறைச்சுக்கும். அப்பத்தான் படம் நிக்கும்."

பேசிக்கொண்டே பிரவுசரில் திறந்து கிடந்த பதினேழு பக்கங்களையும் மூடினார். கிறிஸ்டின் படம் இந்தப் பக்கம் வராதபடி நிறுத்தினார். விசிறி அடங்கவில்லை.

"ஹெச்டியை எடுத்தா இன்னும் லேசாகும். ஆனா தையல் தெரியாதுங்களே. பிளரைத்தான் எடுக்கோணும்."

"ஐயோ, பாய்! பின்னாடி பெட்டி இருக்கே!"

"அப்ப படம் நிக்கும். நீங்களே சொல்லுங்க."

நதியா மாதாவை ஒரு தடவை நினைத்துக்கொண்டு பிளரை எடுத்தாள். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். இரைச்சல் மெல்ல இறங்கியது. கையை ஆட்டினால் படத்திலும் கை ஆடியது. மைக்கைப் போட்டு அடுத்த சட்டையைக் காட்டினாள்.

"இப்போது நன்றாகத் தெரிகிறது" என்றாள் கிறிஸ்டின். பிறகு, "பின்னால் சிவப்பு டேப் பெட்டி, அது என்ன?"

கேள்வி வந்தேவிட்டது. பொய் சொல்ல நாக்கு எழவில்லை. ஊசி உடைந்ததையும், துண்டு கிடைக்காததையும் நதியா அப்படியே சொன்னாள். "அந்த இருநூறும் அந்தப் பெட்டியில்தான் இருக்கிறது மேடம். சரக்கோடு வராது."

கிறிஸ்டின் தாள்களைப் புரட்டும் சத்தம் கேட்டது.

"அந்தப் பெட்டி காலியாக இருக்கிறதே நதியா. டேப் அறுந்து மூடி தொங்குகிறது. உங்கள் மேனேஜர் அனுப்பிய பேக்கிங் லிஸ்டிலும் ஐயாயிரம் என்றுதான் போட்டிருக்கிறது."

காலையிலிருந்து அந்தப் பக்கம் திரும்பாமலே உட்கார்ந்திருந்தவள் இப்போதுதான் திரும்பினாள். பெட்டிக்குள் ஒரு சட்டைகூட இல்லை. இங்கே சுவரோரம் அடுக்கிய பெட்டிகளில் எதில் அந்தத் துண்டு ஒளிந்திருக்கிறது? எந்தப் பிள்ளையின் கழுத்தில் போய்க் குத்தும்?

கதவருகே வந்து நின்ற அழகுமலையின் முகம் வெளுத்திருந்தது. "வீடியோ காலைக் கட் பண்ணு கண்ணு" என்றார், சத்தம் வராமல் வாயை மட்டும் அசைத்து.

அவள் லேப்டாப்பைத் தூக்கினாள். அடுக்கிய பெட்டிகள் அத்தனையும் தெரியும்படி கேமராவைத் திருப்பிப் பிடித்தாள்.

"ஃபெயில் என்று எழுதுங்கள் மேடம்" என்றாள். "எல்லாவற்றையும் பிரிக்கிறோம். நீங்கள் பார்த்துக்கொண்டே இருங்கள்."